வாராந்திர மீட்டிங்கை எந்த ஊர் நேரத்தில் போடுவது: சென்னையா, லண்டனா, நியூயார்க்கா, யூடிசியா?

சென்னை, லண்டன், நியூயார்க் மூன்றிலும் ஆட்கள் இருக்கிற ஒரு டீமுக்கு வாராவாரம் ஒரு மீட்டிங் வைக்கவேண்டும் என்றால், எத்தனை மணிக்கு என்பதைப் பற்றி அரை மணி நேரம் பேசுவார்கள். அந்த மணி எந்த ஊரின் கடிகாரப்படி என்று யாரும் பேசுவதில்லை. காலண்டரே பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடுகிறார்கள். காலண்டர் பார்த்துக்கொள்ளத்தான் செய்கிறது, ஆனால் அது பார்த்துக்கொள்கிற விதம் ரொம்ப எளிமையானது: இன்வைட்டை உருவாக்கியவரின் காலண்டர் எந்த டைம் ஜோனில் இருக்கிறதோ அதையே மீட்டிங்குக்கும் போட்டுவிடும். சென்னையில் இருக்கும் ஒருவர் உருவாக்கினால் அது சென்னை மீட்டிங், நியூஜெர்சியில் இருப்பவர் உருவாக்கினால் அது நியூயார்க் மீட்டிங். அதாவது ஒரு வருடம் முழுக்க மூன்று ஊர்க்காரர்களின் செவ்வாய்க்கிழமையைத் தீர்மானிக்கும் விஷயம், அன்றைக்கு யார் கை காலியாக இருந்தது என்பதைப் பொறுத்துப் போய்விடுகிறது.

ஒரே ஒரு முறை நடக்கிற மீட்டிங்குக்கு இதெல்லாம் பொருட்டே இல்லை. எந்த ஊர் நேரத்தில் போட்டாலும் அவரவர் காலண்டர் அவரவர் நேரத்துக்கு மாற்றிக் காட்டிவிடும். வாராவாரம் திரும்பி வருகிற மீட்டிங்குக்குத்தான் இந்தத் தேர்வு முக்கியம், அதுவும் பங்கேற்பவர்களில் சிலருக்காவது கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே வைக்கும் டேலைட் சேவிங் இருந்தால்.

காலண்டர் உள்ளே எதை எழுதி வைத்துக்கொள்கிறது என்று ஒரு முறை பார்த்துவிட்டால் மீதி எல்லாம் தானாகப் புரியும். ஒரு இன்வைட்டின் ஐசிஎஸ் ஃபைலைத் திறந்தால் நடுவில் இப்படி இரண்டு வரிகள் இருக்கும்:

```
DTSTART;TZID=America/New_York:20260106T093000
RRULE:FREQ=WEEKLY;BYDAY=TU
```

2026 ஜனவரி 6-இல் தொடங்கி, வாராவாரம் செவ்வாய், நியூயார்க்கின் சுவர்க் கடிகாரம் காலை 9:30 காட்டும்போது, என்று அர்த்தம். இதில் ஐந்தரை மணி நேரம், பத்தரை மணி நேரம் என்ற வித்தியாசக் கணக்கு எதுவுமே கிடையாது என்பதைக் கவனிக்கவும். ஊர்ப் பெயரும் அந்த ஊரின் மணியும் மட்டும்தான். அந்தந்த வாரம் நியூயார்க் எங்கே நிற்கிறது, சென்னை எங்கே நிற்கிறது என்று ஒவ்வொருவரின் காலண்டரும் தனித்தனியாகக் கணக்குப் போட்டுக்கொள்ளும். ஆக, `TZID` பக்கத்தில் எந்த ஊர் இருக்கிறதோ அந்த ஊர்க்காரர்களுக்கு மீட்டிங் நகரவே நகராது, மற்றவர்களுக்கு நகரும். நாம் எடுக்கவேண்டிய முடிவு இவ்வளவுதான்: யாருக்கு நகரக்கூடாது?

ஒரு உதாரணத்தை 2026 முழுக்க ஓட்டிப் பார்ப்போம். ஜனவரியில் எல்லாரும் ஒத்துக்கொண்ட நேரம் சென்னை இரவு 8, லண்டன் பிற்பகல் 2:30, நியூயார்க் காலை 9:30. அமெரிக்காவில் மார்ச் 8 ஞாயிறு அன்று கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே போகிறது. பிரிட்டனில் அதே மாற்றம் மூன்று வாரம் கழித்து, மார்ச் 29-இல். இலையுதிர் காலத்தில் பிரிட்டன் முதலில் திரும்புகிறது, அக்டோபர் 25-இல், அமெரிக்கா ஒரு வாரம் கழித்து நவம்பர் 1-இல். இந்தியா எங்கும் நகர்வதில்லை. ஒரே இன்வைட்டை மூன்று விதமாகப் போட்டால் வருவது இது:

| எந்த ஊர் நேரம் | ஜனவரி – மார்ச் 3 | மார்ச் 10, 17, 24 | மார்ச் 31 – அக்டோபர் 20 |
|---|---|---|---|
| நியூயார்க் 9:30 | சென்னை 8:00, லண்டன் 2:30 | சென்னை 7:00, லண்டன் 1:30 | சென்னை 7:00, லண்டன் 2:30 |
| லண்டன் 2:30 | சென்னை 8:00, நியூயார்க் 9:30 | சென்னை 8:00, நியூயார்க் 10:30 | சென்னை 7:00, நியூயார்க் 9:30 |
| சென்னை 8:00 | லண்டன் 2:30, நியூயார்க் 9:30 | லண்டன் 2:30, நியூயார்க் 10:30 | லண்டன் 3:30, நியூயார்க் 10:30 |

அக்டோபர் 27 செவ்வாயும் நடு நெடுவரிசையில் உள்ளபடியே வரும், நவம்பர் 3 முதல் பழையபடி ஜனவரிக் கணக்கு. மார்ச்சில் மூன்று, அக்டோபரில் ஒன்று என்று வருடத்துக்கு நான்கு மீட்டிங்குகள்தான் இந்த இடைப்பட்ட நிலையில் மாட்டுகின்றன. குழப்பத்தில் பெரும்பகுதி அந்த நான்கில்தான் வரும், ஏனென்றால் மற்ற மாதங்களில் மனக்கணக்காகப் பழகிப்போன வித்தியாசம் அந்த வாரங்களில் பொய்யாகிவிடுகிறது.

இப்போது ஒவ்வொன்றாக.

நியூயார்க் நேரத்தில் போட்டால்

அமெரிக்கர்களுக்கு எப்போதும் 9:30. லண்டன்காரர்களுக்கு அந்த நான்கு செவ்வாய் தவிர எப்போதும் 2:30, ஏனென்றால் இரண்டு ஊரும் சேர்ந்தேதான் நகர்கின்றன, சில வாரம் முன்னே பின்னே. நகர்வு முழுவதும் சென்னைக்காரர் தலையில். ஆனால் அது நல்ல பக்கமாக நகர்கிறது: மார்ச் முதல் அக்டோபர் வரை இரவு 8-க்குப் பதில் 7. வருடத்தில் ஏறக்குறைய எட்டு மாதம் ஒரு மணி நேரம் முன்பே வீட்டுக்குப் போகலாம் என்றால் யாரும் வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள்.

சிக்கல் வேறு இடத்தில். சென்னையில் இருக்கும் ஒருவருக்கு அதே செவ்வாய் இரவு 7 மணிக்கு துபாய் ஆட்களோடு வேறொரு மீட்டிங் இருக்கிறது என்று வையுங்கள், அங்கே மாலை 5:30. துபாயிலும் டேலைட் சேவிங் கிடையாது, அதனால் அது 7 மணியை விட்டு அசையாது. ஜனவரியில் துபாய் 7-க்கு, அது முடிந்து நியூயார்க் 8-க்கு, பிரச்சினை இல்லை. மார்ச் 10 அன்று இரண்டும் 7 மணிக்கு வந்து பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும். யாரும் எதையும் மாற்றவில்லை, அதனால் யாருக்கும் மாற்ற அறிவிப்பும் வராது. அன்று மாலை காலண்டரைத் திறக்கும்போதுதான் தெரியும். ஒருவருக்கு இப்படி இரண்டு மூன்று அமெரிக்க மீட்டிங்கும் இரண்டு மூன்று உள்ளூர் மீட்டிங்கும் இருந்தால் மார்ச் இரண்டாவது வாரம் அவர் காலண்டர் சீட்டுக்கட்டைக் கலைத்துப் போட்ட மாதிரி ஆகிவிடும். சென்னை அலுவலகத்தில் மீட்டிங் ரூம் புக் செய்திருந்தால் அதுவும் அப்படித்தான்: 8 மணிக்குக் காலியாக இருந்த அறை 7 மணிக்கு வேறு டீமிடம் இருக்கலாம்.

சென்னை நேரத்தில் போட்டால்

மேலே உள்ள அட்டவணையில் இதுதான் மோசமாகத் தெரியும். எட்டு மாதம் அமெரிக்காவுக்கு 10:30, ஏழு மாதம் லண்டனுக்கு 3:30, சென்னைக்கோ வருடம் முழுக்க இரவு 8. ஆனால் இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. இந்த விளைவு சென்னை நேரத்தால் வந்ததில்லை, ஜனவரியில் நேரம் பேசியதால் வந்தது. இதே மீட்டிங்கை ஜூலையில் பேசியிருந்தால் நியூயார்க் 9:30-க்கு சென்னை 7:00 என்று முடிவாகியிருக்கும், அதையே சென்னை நேரமாகப் போட்டிருந்தால் சென்னைக்கு வருடம் முழுக்க 7, நியூயார்க்குக்குக் கோடையில் 9:30, குளிர்காலத்தில் 8:30. லண்டனுக்கு 2:30-ம் 1:30-ம். அதனால் சென்னை நேரத்தில் போடுவது என்று முடிவெடுத்தால் இன்றைய வித்தியாசத்தை வைத்து மட்டும் மணியைத் தீர்மானிக்கக்கூடாது. இரண்டு பருவத்துக்கும் கணக்குப் போட்டு, அந்தப் பக்கம் 8:30 முடியுமா அல்லது 10:30 முடியுமா என்று நேராகக் கேட்டுவிட வேண்டும். குளிர்காலத்தில் காலை 8:30 என்றால் பிள்ளைகளைப் பள்ளியில் விடுகிறவர்கள் வரமாட்டார்கள், அதை டிசம்பரில் கேட்டுத் தெரிந்துகொள்வதைவிட இப்போதே கேட்டுவிடலாம்.

சென்னை நேரம் நிஜமாகவே சரியாக வருவது, சென்னைப் பக்கம் நகரவே முடியாத ஏதோ ஒன்று இருக்கும்போது. ஆபீஸ் கேப் அதற்கு நல்ல உதாரணம். இரவு டிராப் 8:30-க்கு ஒன்று, அதை விட்டால் 10 மணிக்கு என்று இருக்கிற இடத்தில் 8 மணிக்குத் தொடங்கி 8:45-க்கு முடிகிற மீட்டிங் என்றால் பதினைந்து நிமிடத்துக்காக ஒன்றேகால் மணி நேரம் உட்கார வேண்டும். ஷிப்ட் மாற்றிக்கொள்ளும் நேரம், ஹேண்ட்ஓவர், உள்ளூர்ப் பயிற்சி வகுப்பு இதெல்லாமும் இதே ரகம். பத்துப் பேர் சென்னையிலும் அங்கே ஒருவரும் என்றாலும் சென்னை நேரம்தான் நியாயம், அந்த ஒருவர் வாடிக்கையாளராக இல்லாதவரை.

லண்டன் நேரத்தில் போட்டால்

இது கிட்டத்தட்ட நியூயார்க்கைப் போலத்தான். சென்னைக்கு வருடத்துக்கு இரண்டு முறை நகர்வு, அது மார்ச் 10-க்குப் பதில் மார்ச் 31-இல். அந்த நான்கு செவ்வாயின் அசௌகரியம் லண்டனிடமிருந்து நியூயார்க்குக்குப் போகிறது, அவ்வளவுதான். 9:30-க்குப் பழகியவருக்கு 10:30-இல் வேறு மீட்டிங் இருக்கும். வாடிக்கையாளர் லண்டனில் என்றால் இதை எடுங்கள், இல்லையென்றால் யோசிக்கத் தேவையில்லை.

யூடிசியில் போட்டால்

உலகப் பொது நேரம், யாருக்கும் சொந்தமில்லாதது, டேலைட் சேவிங் இல்லை, எனவே இதுதான் நடுநிலையானது என்று ஒரு வாதம் அடிக்கடி வரும். ஓப்பன் சோர்ஸ் ஆட்களிடம் இதைக் கேட்கலாம். எனக்கு இதில் ஒரு எளிய ஆட்சேபம்: சென்னை யூடிசியிலிருந்து வருடம் முழுக்க ஐந்தரை மணி நேரம் முன்னே நிற்கிறது, ஒரு நாளும் மாறுவதில்லை. ஆகவே 14:30 யூடிசி என்று போடுவதும் சென்னை இரவு 8 என்று போடுவதும் விளைவில் ஒன்றேதான், எல்லா ஊரிலும் எல்லா வாரமும் ஒரே மணிதான் வரும். நடுநிலை என்று நினைத்துப் போட்டது உண்மையில் இந்தியர்களுக்கு (அப்புறம் துபாய், சிங்கப்பூர், கொழும்பு, டோக்கியோக்காரர்களுக்கும்) நகராத மீட்டிங், லண்டன், நியூயார்க்காரர்களுக்கு நகரும் மீட்டிங். அதுதான் வேண்டும் என்றால் சென்னை நேரம் என்றே போடுங்கள். இன்வைட்டைத் திறந்து பார்ப்பவருக்கு ஏன் இந்த நேரம் என்பதாவது புரியும்.

யூடிசி உருப்படியாக இருப்பது, கடிகாரமாற்றத்தால் மனிதர்களுக்கு என்ன ஆகிறது என்பதைவிட இயந்திரத்துக்கு என்ன ஆகிறது என்பது முக்கியமான இடத்தில். சர்வரில் பேக்கப் ஓடும் நேரம், ரிலீஸ் போடும் நேரம், மெயின்டனன்ஸ் விண்டோ. சர்வரில் குறித்த நேரத்தில் தானாக ஓடும் கிரான் ஜாப் யூடிசியில் ஓடுகிறது, அதைக் கூடவே உட்கார்ந்து பார்க்கவேண்டிய மீட்டிங்கை நியூயார்க் நேரத்தில் போட்டால் மார்ச் 10 அன்று ஜாப் ஓடுவதற்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே எல்லாரும் வந்து உட்கார்ந்திருப்பார்கள்.

என் தீர்ப்பு: மூன்று ஊர் டீமுக்கு, வேறு கட்டாயம் எதுவும் இல்லையென்றால், நியூயார்க் நேரம். இரண்டு ஊர்க்காரர்களுக்கு அது கிட்டத்தட்ட நகராமல் இருக்கிறது, மூன்றாவது ஊருக்கு நகர்ந்தாலும் குளிர்காலத்தின் 8 மணியைத் தாண்டிப் போவதில்லை. நியூயார்க்குக்காரர்களுக்கு முன்னுரிமை தருவதாக இதைப் பார்க்க வேண்டியதில்லை. சென்னைக்கு மிகத் தாமதமான நேரம் எது என்று முதலில் தீர்மானித்து, அதைக் குளிர்கால நேரமாக வைத்துக்கொண்டு, பிறகு மீட்டிங்கை நியூயார்க் நேரத்தில் கட்டுங்கள். கோடையில் முன்னே வருவதெல்லாம் லாபம்.

பட்டியலில் பக்கத்து ஊரைப் பிடித்துவிட்டால்

முடிவு சரியாக எடுத்தும் கெட்டுப்போவது இங்கேதான், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். கூகுள் காலண்டரில் மீட்டிங் எடிட் செய்யும் முழுப் பக்கத்தில் நேரத்துக்குப் பக்கத்தில் `Time zone` என்று இருக்கும், அவுட்லுக்கில் டைம் ஜோன் பட்டனை அழுத்தினால் நேரத்துக்குப் பக்கத்தில் பெட்டி வரும். இரண்டிலும் பட்டியல் நீளமானது, ஒரே எண்ணுக்கு நாலைந்து பெயர்கள் இருக்கும்.

அவுட்லுக்கில் உங்களுக்கு வேண்டியது `(UTC-05:00) Eastern Time (US & Canada)`. அதே -05:00 கூட்டத்திலேயே `Bogota, Lima, Quito, Rio Branco` என்றும் ஒன்று இருக்கிறது. ஜனவரியில் இரண்டும் ஒன்றேதான், எந்த வித்தியாசமும் தெரியாது. கொலம்பியாவிலும் பெருவிலும் டேலைட் சேவிங் இல்லாததால், மார்ச் 10 அன்று நியூயார்க்குக்காரர்கள் 9:30-க்கு வந்து காத்திருப்பார்கள், மீட்டிங் 10:30-க்கு. இன்னொன்று, கோடையில் நியூயார்க் உண்மையில் -04:00-இல் இருக்கும்போதும் அவுட்லுக் பட்டியல் -05:00 என்றே எழுதியிருக்கும். அது ஸ்டாண்டர்ட் நேரத்தின் எண். தப்பாக இருக்கிறதே என்று நினைத்து `(UTC-04:00)` என்று தேடிப் பிடித்து வேறு ஏதாவது ஊரைப் போட்டுவிடாதீர்கள். எண்ணைப் பார்க்காமல் ஊர்ப் பெயரைப் பார்த்து எடுப்பதுதான் ஒரே வழி.

லண்டனுக்கும் அதே கதை. `Dublin, Edinburgh, Lisbon, London` என்பது வேண்டியது. அதற்குப் பக்கத்தில் பூஜ்ஜியத்திலேயே `Monrovia, Reykjavik` இருக்கிறது, `Coordinated Universal Time` இருக்கிறது. இவை இரண்டும் கோடையில் நகராது. லண்டன் என்றால் ஜிஎம்டி என்று பள்ளியில் படித்தது மனதில் இருந்தால் இங்கே கை தவறுவது சுலபம், வருடத்தில் ஏழு மாதம் லண்டனில் ஜிஎம்டி இல்லை.

சென்னைக்கு இந்தத் தொந்தரவு கிடையாது. `Chennai, Kolkata, Mumbai, New Delhi`, பக்கத்தில் `Sri Jayawardenepura`, எதை எடுத்தாலும் இன்றைக்கு ஒரே நேரம்தான். ஆனாலும் கொழும்பில் இருப்பவர்கள் தங்கள் ஊரையே எடுப்பது நல்லது. 1996-இல் இலங்கை கடிகாரத்தை மாற்றியது, 2006-இல்தான் மறுபடி ஐந்தரைக்கு வந்தது. பட்டியலில் இரண்டும் தனித்தனியாக இருப்பதற்கு இந்த மாதிரி வரலாறுதான் காரணம்.

ஊர்ப் பெயரில் கட்டுவதற்கு இன்னொரு லாபமும் இதனோடு சேர்ந்ததுதான். அரசாங்கங்கள் விதியை மாற்றும். மெக்சிகோ 2022 அக்டோபரில் டேலைட் சேவிங்கை நாட்டின் பெரும்பகுதியில் விட்டுவிட்டது. ஊர்ப் பெயரோடு இருந்த மீட்டிங்குகள், மென்பொருளின் டைம் ஜோன் தரவு புதுப்பிக்கப்பட்டதும் தாமாகச் சரியாகிவிடும். அந்த அப்டேட் வராத பழைய போனில் மட்டும் அடுத்த ஏப்ரலில் மெக்சிகோ நேரம் ஒரு மணி தள்ளித் தெரியும். இப்படி ஒரே ஒருவருக்கு மட்டும் நேரம் தப்பாகத் தெரிகிறது என்றால் இன்வைட்டைக் குடையாமல் முதலில் அவர் கருவியின் அப்டேட்டையும் அதில் போட்டிருக்கும் டைம் ஜோனையும் பாருங்கள். எல்லாருக்கும் ஒரே அளவு தப்பாகத் தெரிந்தால் கோளாறு இன்வைட்டில்.

தலைப்பில் நேரத்தை எழுதுவது

"வாராந்திர ஸ்டேட்டஸ், இரவு 8 ஐஎஸ்டி / காலை 9:30 இஎஸ்டி" என்று மீட்டிங்கின் பெயரிலேயே நேரத்தை எழுதும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. உதவியாக இருக்கும் என்றுதான் எழுதுகிறார்கள். மார்ச் 10 அன்று மீட்டிங் 7 மணிக் கட்டத்தில் நிற்கும், அதன் மேலேயே இரவு 8 என்று எழுதியிருக்கும். இரண்டில் எதை நம்புவது? பாதிப் பேர் கட்டத்தை நம்புவார்கள், பாதிப் பேர் எழுத்தை. எழுத்து நகராது, காலண்டர் நகரும். வாட்ஸ்அப்பில் நேரம் சொல்வதானாலும் "நியூயார்க் நேரம் 9:30" என்று ஊரைச் சொல்லுங்கள். இஎஸ்டி என்பது கண்டிப்பாகப் பார்த்தால் குளிர்கால நேரத்தின் பெயர் மட்டும்தான், ஜூலையில் 9:30 இஎஸ்டி என்றால் கடிகாரத்தில் 10:30. ஐஎஸ்டி இஸ்ரேலுக்கும் அயர்லாந்துக்கும்கூடப் பெயர், அங்கே ஆட்கள் இருந்தால் தவிர்த்துவிடுங்கள்.

அனுப்பும் முன் பார்க்கவேண்டிய இரண்டு வாரங்கள்

கூகுள் காலண்டரில் செட்டிங்ஸில் இரண்டாவது டைம் ஜோன் காட்டும் வசதி இருக்கிறது, அவுட்லுக்கிலும் உண்டு. அதில் நியூயார்க்கைப் போட்டால் இடது ஓரத்தில் சென்னை மணியும் நியூயார்க் மணியும் பக்கத்தில் பக்கத்தில் ஓடும். இன்வைட்டைச் சேமித்துவிட்டு, யாருக்கும் அனுப்பாமல், காலண்டரை மார்ச் 10 வாரத்துக்கும் அக்டோபர் 27 வாரத்துக்கும் தள்ளிப் பாருங்கள். நியூயார்க் பத்தியில் 9:30 என்றே இருந்தால் சரி. 10:30 என்று வந்தால் இன்வைட் சென்னையிலோ லண்டனிலோ யூடிசியிலோ பட்டியலின் பக்கத்து ஊரிலோ கட்டப்பட்டிருக்கிறது. ஒரு நிமிட வேலை. சந்தேகம் தீரவில்லையென்றால் ஐசிஎஸ் ஃபைலைத் திறந்து முதலில் காட்டிய வரியைப் பாருங்கள். `TZID` இல்லாமல் எண்ணின் கடைசியில் `Z` மட்டும் இருந்தால் அது யூடிசி:

```
DTSTART:20260106T143000Z
```

`TZID`-ம் இல்லை `Z`-ம் இல்லை என்றால் இன்னும் மோசம். அந்த மீட்டிங்குக்கு ஊரே கிடையாது, எங்கே திறந்தாலும் அந்த ஊரின் பிற்பகல் 2:30 என்று காட்டும், சென்னையிலும் 2:30, நியூயார்க்கிலும் 2:30. தினமும் மாத்திரை சாப்பிட நினைவூட்டல் வைக்க அது சரியான வடிவம். ஏதாவது ஒரு டூல் தயாரித்துக் கொடுத்த ஐசிஎஸ் ஃபைலை இம்போர்ட் செய்யும்போது இது வந்து மாட்டும்.

ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் மீட்டிங்கை மாற்றுவது

சென்னை நேரத்தில் இரண்டு வருடமாக ஓடுகிற தொடரை நியூயார்க்குக்கு மாற்ற வேண்டுமானால் ஆர்கனைசர்தான் செய்யமுடியும். கூகுளில் வரப்போகும் ஏதாவது ஒரு மீட்டிங்கைத் திறந்து, டைம் ஜோனை மாற்றி, மணியையும் நியூயார்க் மணியாகத் திருத்தி (ஜோனை மட்டும் மாற்றிவிட்டு இரவு 8 என்பதை அப்படியே விட்டால் நியூயார்க் இரவு 8-க்குப் போய் நிற்கும்), சேமிக்கும்போது `This and following events` என்பதைத் தேர்ந்தெடுத்தால் பழைய தொடர் அங்கே முடிந்து புதியது தொடங்கும். பழைய மீட்டிங்குகளும் அவற்றில் எழுதிய குறிப்புகளும் அப்படியே இருக்கும்.

அவுட்லுக்கில் முழுத் தொடரின் நேரத்தை மாற்றினால், நடுவில் ஒரு வாரத்தை மட்டும் தனியாக நகர்த்தியிருந்தால் அந்தத் திருத்தங்கள் அழிந்துபோகும். பொங்கல் வாரத்தை வியாழனுக்கு மாற்றியது, யாரோ ஊரில் இல்லாததால் ரத்து செய்தது எல்லாம் பழையபடி செவ்வாய்க்குத் திரும்பி வந்துவிடும். அதனால் அங்கே பழைய தொடருக்கு ஒரு முடிவுத் தேதி போட்டு, புதிதாக இன்னொரு தொடர் அனுப்புவதுதான் பாதுகாப்பு. பழைய தொடரை முழுதாக கேன்சல் செய்யாதீர்கள், நடந்து முடிந்த மீட்டிங்குகளும் எல்லார் காலண்டரிலிருந்தும் போய்விடும்.

தொடரை விட்டுவிட்டு மார்ச்சில் அந்த மூன்று செவ்வாயை மட்டும் கையால் நகர்த்திக்கொள்ளலாமே என்று சிலர் சொல்வதுண்டு. லண்டன்காரருக்கு 1:30-இல் சாப்பாட்டு நேரம் அடிபடுகிறது என்றால் அது ஒரு வருடத்துக்குச் சரிதான், மூன்று அறிவிப்பு போகும், அக்டோபரில் ஒன்று. அடுத்த வருடமும் யாராவது நினைவு வைத்து அதையே செய்யவேண்டும்.

சிட்னியும் சேர்ந்தால்

இதுவரை சொன்ன எல்லாம் வடக்கே இருக்கும் ஊர்களுக்கு. ஆஸ்திரேலியாவில் பருவம் தலைகீழ். 2026-இல் சிட்னி ஏப்ரல் 5-இல் கடிகாரத்தைப் பின்னே வைக்கிறது, அக்டோபர் 4-இல் முன்னே. நியூயார்க் ஒரு பக்கம் போகும்போது சிட்னி எதிர்ப்பக்கம் போகிறது, ஆக இரண்டுக்கும் நடுவில் ஜனவரியில் 16 மணி நேரம், ஜூலையில் 14. நியூயார்க் மாலை 5 மணிக்கு ஜனவரியில் மீட்டிங் என்றால் சிட்னியில் மறுநாள் காலை 9, ஜூலையில் அதுவே காலை 7. இரண்டு மணி நேர ஊசலாட்டம். இந்த ஜோடியை எந்த ஒரு ஊரின் நேரத்தில் கட்டினாலும் சரிவராது, இரண்டு தொடராகப் பிரித்துவிடுங்கள்: நவம்பர் முதல் மார்ச் வரை ஒன்று, ஏப்ரல் முதல் அக்டோபர் வரை இன்னொன்று, இரண்டாவது தொடரில் நியூயார்க் மாலை 6 என்றால் சிட்னி காலை 8. சென்னையில் அப்போது அதிகாலை 3:30 என்பதால் இந்த மீட்டிங்கில் சென்னைக்காரர்களைச் சேர்க்காமல் ரெக்கார்டிங் அனுப்புவதே உத்தமம்.